பேசும் பெட்டி எப்போது பேசும், ஏன் சில நேரம் மௌனம் சாதிக்கும்?

தராசுக்குப் பக்கத்தில் இன்று எல்லாக் கடையிலும் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பணம் வந்தால் தொகையைச் சொல்கிறது. சவுண்ட் பாக்ஸ் என்றும் ஸ்பீக்கர் என்றும் சொல்கிறோம். நம்மிடம் சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, வாடிக்கையாளர் போனில் பணம் போய்விட்டது என்று பச்சை டிக் காட்டுகிறது. பெட்டி வாயே திறக்கவில்லை. எதை நம்புவது?"

இக்கேள்விக்குப் பதில் தெரியாததால் இரண்டு விதமாக நஷ்டம் வருகிறது. பெட்டி பேசவில்லை என்று நல்ல வாடிக்கையாளரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி வைத்து முகம் சுளிக்க வைக்கிறோம். பெட்டி பேசியதை மட்டும் நம்பி, யார் கொடுத்த பணம் என்று பார்க்காமல் சரக்கைக் கட்டிக் கொடுத்தும் விடுகிறோம். ஆகவே இப்பெட்டிக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது, வழியில் எங்கெல்லாம் தங்குகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை விலக்கி விடுவோம். வாடிக்கையாளர் போனிலிருந்து பெட்டிக்கு நேராகச் செய்தி வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே மேசையில் ஓர் அடி தூரத்தில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் போனுக்கும் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வேறு சிலர் பெட்டி நம் பாங்கோடு இணைந்திருக்கிறது, அது பேசினால் பணம் நம் கணக்கில் ஏறிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அதுவும் சரியல்ல. பெட்டி யாருடையதோ அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்றோடுதான் அது பேசுகிறது. அந்தக் கம்ப்யூட்டர் சொல்லச் சொன்னதைச் சொல்லும். சொல்லச் சொல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

பணம் போகும் வழி

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். பருப்பும் எண்ணெயுமாக 860 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிய ஒருவர் நம் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்கிறார். அந்த அட்டையில் முக்கியமாக இருப்பது நம் கடையின் யு.பி.ஐ. முகவரி. சாதாரண அட்டையில் தொகை இருக்காது, அவரே 860 என்று போடுகிறார். உடனே திரையில் நம் கடைப் பெயர் வருகிறது. பிறகு ரகசிய எண்ணை அழுத்துகிறார்.

அந்த உத்தரவு அவருடைய ஆப்பிலிருந்து, அந்த ஆப்புக்குத் துணையாக உள்ள பாங்கு வழியாக, என்.பி.சி.ஐ. என்னும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் மையத்துக்குப் போகிறது. 2016 முதல் யு.பி.ஐ. முறையை நடத்தி வருவது இக்கழகமே. மையம் முதலில் வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் பாங்கைக் கேட்கிறது. அந்தப் பாங்கு ரகசிய எண்ணைச் சரிபார்த்து, இருப்பைப் பார்த்து, 860 ரூபாயைப் பற்று எழுதி, "எழுதியாயிற்று" என்று பதில் சொல்கிறது. அதன் பிறகுதான் மையம் நம் பக்கத்துப் பாங்கிடம் "வரவு வைத்துக் கொள்" என்கிறது. அங்கிருந்து "வைத்தாயிற்று" என்று பதில் வந்ததும் இரு பக்கத்துக்கும் முடிவைச் சொல்கிறது. நம் பக்கத்து முடிவு, கியூ.ஆர். அட்டை கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது பற்று முதலில், வரவு பின்னால் என்ற வரிசை. நம் பேரேட்டில் பற்றும் வரவும் ஒரே வரியில் இருக்கலாம். இங்கே இரண்டும் இரண்டு பாங்குகளில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. "உங்கள் கணக்கிலிருந்து 860 ரூபாய் எடுக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி முதல் கட்டம் முடிந்ததற்குத்தான் சாட்சி. இரண்டாம் கட்டத்துக்கு அது சாட்சியாகாது. வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை, அவர் பணம் எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் நமக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். லாரி செட்டில் சரக்குப் போட்ட ரசீதைக் காட்டினால், சரக்கு நம் குடோனில் இறங்கிவிட்டது என்று யாரும் வரவு வைக்க மாட்டார்கள் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் இவ்வளவும் மூன்று நான்கு விநாடியில் முடிந்து விடுகிறது. அதனால்தான் நடுவில் இத்தனை கைகள் இருப்பது நம் கண்ணில் படுவதில்லை.

கம்பெனியிலிருந்து பெட்டிக்கு

இனி இரண்டாவது பயணம். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு 860 ரூபாய் வந்த செய்தி கிடைத்ததும், அது தன் பதிவேட்டைப் பார்த்து, இந்தக் கியூ.ஆர். முகவரிக்கு எந்தப் பெட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. பெட்டியைக் கொண்டு வந்து வைத்த பையன் அதன் எண்ணையும் நம் அட்டையையும் அன்று ஸ்கேன் செய்து இணைத்தானே, அந்த இணைப்பைத்தான் கம்ப்யூட்டர் இப்போது பார்க்கிறது.

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. இதைப் பலர் அறியார். நம் போனின் நெட் தீர்ந்தாலும் பெட்டி பேசுவது அதனால்தான். அந்தச் சிம்மில் யாரையும் கூப்பிட முடியாது. செய்தி வாங்கவும் அனுப்பவும் மட்டும் பயன்படும். சிம்மோடு ஒரு சிறிய மோடம், ஒரு பாட்டரி, ஒரு ஒலிபெருக்கி. பெட்டிக்குள் அவ்வளவுதான்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் வேண்டும்போது பெட்டியைக் கூப்பிட முடியாது என்பது அடுத்த செய்தி. செல்போன் கம்பெனிகள் தம் சிம்களை ஒரு பொதுவாசலுக்கு உள்ளே வைத்திருக்கின்றன. உள்ளே இருப்பவர் வெளியே பேசலாம். வெளியே இருப்பவர் தானாக உள்ளே வர இயலாது. ஆகவே பெட்டியை ஆன் செய்தவுடன் அதுவே கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு ஒரு தொடர்பை ஏற்படுத்திக் கொள்கிறது. பின்னர் அதை வைக்காமல் நாள் முழுதும் பிடித்துக் கொண்டே இருக்கிறது. பழைய நாளில் ட்ரங்க் கால் கிடைத்தால், விலை தெரியும் வரை ரிசீவரைக் கீழே வைக்காமல் பிடித்திருப்போமே, அதைப் போல. அந்தத் திறந்த லைன் வழியாகத்தான் "860" என்ற செய்தி வருகிறது.

லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்து கொள்ள, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை பெட்டி "நான் இருக்கிறேன்" என்று மிகச் சிறிய செய்தி அனுப்பும். கம்ப்யூட்டர் "சரி" என்று பதில் தரும். இந்த ஏற்பாட்டுக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். பெரும்பாலான பெட்டிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால் இது கடைக்காக உண்டானதே அல்ல. ஆளரவமற்ற இடங்களில் போகும் எண்ணெய்க் குழாய்களின் நிலவரத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் குறைந்த செலவில் அறிய வேண்டும் என்று 1999-ல் ஆண்டி ஸ்டான்போர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் உருவாக்கியது. மெல்லிய லைனிலும் சிறிய செய்தி தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கடைத்தெருப் பெட்டிக்கும் அதே தேவைதான்.

செய்தி கிடைத்ததும் பெட்டி "கிடைத்தது" என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். அந்த ஒப்புகை வழியில் தொலைந்தால் கம்ப்யூட்டர் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஒரே பணத்தை எப்போதாவது ஒரு பெட்டி இரண்டு முறை சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். நல்ல பெட்டி பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து, முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் விட்டு விடும்.

பேசுவது எப்படி என்றும் சொல்லி விடுவோம். பல பெட்டிகளில் சொற்கள் துண்டு துண்டாகப் பதிவாகி உள்ளன. தொகை வந்ததும் "எண்ணூற்று", "அறுபது", "ரூபாய்", "பெறப்பட்டது" என்ற துண்டுகளைக் கோத்து ஒலிக்கிறது. தமிழுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் வேலை. 800 என்றால் எண்ணூறு, 860 என்றால் எண்ணூற்று, 900 என்றால் தொள்ளாயிரம், 950 என்றால் தொள்ளாயிரத்து என்று ஒரே எண்ணுக்கு இரண்டு உருவம் வைத்தாக வேண்டும். சில கம்பெனிகள் முழு வாக்கியத்தையும் தம் கம்ப்யூட்டரிலேயே குரலாக்கி அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது செய்தி பெரிதாகி விடுவதால் மெல்லிய லைனில் சற்றுத் தாமதம் கூடும்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

இரண்டு பயணங்கள் என்று சொன்னோம். தாமதமும் அவ்விரண்டில் ஏதேனும் ஒன்றில்தான் பிறக்கும். எதில் என்று தெரிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் பயணத்தில் ஒரு பாங்கு பதில் சொல்லத் தாமதித்தால் எல்லாம் நிற்கும். மாதத்தின் முதல் வாரச் சம்பள நாட்களிலும், பண்டிகைக்கு முந்தைய மாலைகளிலும் இது நடக்கும். பாங்கு பதில் தர வேண்டிய கெடுவை 2025 ஜூன் 16 முதல் கழகம் 30 விநாடியிலிருந்து 15 விநாடியாகக் குறைத்தது. அந்தக் கெடுவுக்குள் முடிவு தெரியாவிட்டால் வாடிக்கையாளர் திரையில் Pending அல்லது Processing என்று நிற்கும். அதன்பின் ஆப் "என்ன ஆயிற்று" என்று மையத்தைத் திரும்பக் கேட்டு முடிவை அறிய வேண்டும். இப்போது அதற்கும் இடைவெளி விட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் மேலும் சற்று நேரம் பிடிக்கலாம்.

கட்டுப்பாடு வந்த காரணத்தை நாம் மறக்க முடியாது. 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை நாடு முழுவதும் யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. சந்தை நாளில் பணம் வாங்க முடியாமல் தவித்த கடைகள் ஏராளம். சில பாங்குகளிலிருந்து பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிய "என்ன ஆயிற்று" கேள்விகள் மையத்தின் மேல் அளவு கடந்து வந்து குவிந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. பணம் அனுப்பும் உத்தரவுகளைவிட விசாரணைகளே வழியை அடைத்து விட்டன. அப்படிப்பட்ட நாளில் பெட்டியை அணைத்துப் போட்டுப் பயனில்லை, பெட்டியில் குற்றமே கிடையாது.

இரண்டாவது பயணத்தின் தாமதம் நம் கடைக்குள்ளேயே பிறப்பது. இங்கேதான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

பழைய பெட்டிகள் பல 2ஜி முறையில் ஓடுபவை. அம்முறையில் ஒரே டவரில் பேச்சும் செய்தியும் இடத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கூட்டம் கூடினால் பேச்சுக்குத்தான் முதலிடம், செய்தி காத்திருக்கும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை கடைத்தெருவில் பெட்டி மந்தமாவதற்கு இது ஒரு காரணம். 4ஜி பெட்டி இதில் எவ்வளவோ மேல். மாற்றித் தருவார்களா என்று கம்பெனி ஆளிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இதைவிடத் தொல்லையானது, லைன் செத்திருப்பது பெட்டிக்கே தெரியாமல் இருக்கும் நிலை. சற்று நேரம் எந்தச் செய்தியும் போகாத லைனைச் செல்போன் கம்பெனியின் வாசலில் உள்ள இயந்திரம், யாருக்கும் சொல்லாமல் துண்டித்து விடுவதுண்டு. சிக்னல் ஒரு கணம் போய் வந்தாலும் இவ்வாறு ஆகும். பெட்டி லைன் இருப்பதாகவே நினைத்துக் கொண்டிருக்கும். டவர் விளக்கும் எரியும். கம்பெனியின் கம்ப்யூட்டரும் செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பெட்டி அடுத்த முறை "நான் இருக்கிறேன்" என்று சொல்லி, அதற்குப் பதில் வராதபோதுதான் விஷயம் வெளிப்படும். உடனே புதிய லைன் போடும். அதுவரை மௌனம். அந்த இடைவெளி நீளமாக வைக்கப்பட்ட பெட்டியில் மௌனமும் நீளும். இடைவெளியைக் குறைத்தால் பாட்டரியும் டேட்டாவும் அதிகம் செலவாகும் என்பதால் கம்பெனிகள் ஒரு நடுவழியைப் பிடிக்கின்றன. பெட்டியை அணைத்து மறுபடி போட்டால் பேசத் தொடங்குகிறதே, அந்தக் கைவைத்தியத்தின் ரகசியம் இதுதான். புதிதாக ஆன் ஆகும் பெட்டி பழைய லைனை விட்டு விட்டுப் புதிய லைன் போடுகிறது.

புதிய லைன் கிடைத்ததும் என்ன நடக்கும்? சேராத செய்திகளை வைத்திருந்து வரிசையாகக் கொடுப்பது ஒரு வழக்கம். அப்போது பெட்டி மூன்று நான்கு தொகைகளை மூச்சு விடாமல் சொல்லும். பழைய செய்தியைச் சொன்னால் கடைக்காரர் குழம்புவார் என்று, குறிப்பிட்ட நேரம் தாண்டியதைச் சொல்லாமல் தள்ளி விடுவது மற்றொரு வழக்கம். எது நம் பெட்டியின் வழக்கம் என்பதை ஒருமுறை பரீட்சித்துத் தெரிந்து கொள்ளலாம். பெட்டியை அணைத்து வைத்து, வீட்டார் போனிலிருந்து ஒரு ரூபாய் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்தால் தெரிந்துவிடும்.

தாமதமாகப் பேசும் பெட்டியால் வரும் நஷ்டம்

பேசாத பெட்டியைவிடத் தாமதமாகப் பேசும் பெட்டியே ஆபத்தானது என்பது நம் கருத்து. காரணத்தை ஒரு கணக்காகவே பார்ப்போம்.

மாலை 7.10 மணிக்கு ஒரு மளிகைக் கடைப் பெட்டியின் லைன் மேலே சொன்னவாறு துண்டாகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். 7.12-க்கு வழக்கமாக வரும் ஒருவர் 500 ரூபாய் போடுகிறார். டிக் விழுகிறது, பெட்டி பேசவில்லை. தெரிந்த முகம் என்று கடைக்காரர் அனுப்பி விடுகிறார். 7.15-க்குப் புதியவர் ஒருவர் 500 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிப் போனைத் தூக்கிக் காட்டுகிறார். அவர் திரையில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் சரியாகப் பார்க்கவில்லை. அதே நொடியில் பெட்டிக்குப் புதிய லைன் கிடைத்து "ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. புதியவர் பையை எடுத்துக் கொண்டு போய் விடுகிறார்.

பெட்டி சொன்னது 7.12-க்கு வந்த பணத்தை. புதியவரின் பணம் வரவே இல்லை. அவர் எத்தனாக இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. அவருடைய பரிவர்த்தனை Pending என்று நின்று, பிறகு பணம் அவர் கணக்குக்கே திரும்பியிருக்கலாம், அவரும் கவனித்திருக்க மாட்டார். இரவு கணக்குப் பார்க்கும்போது 500 ரூபாய் குறையும். பெட்டி பேசாமல் போனவர் முதலாமவர்தானே என்று கடைக்காரர் அவர்மேல் சந்தேகப்படுவார். மறுநாள் அவரிடம் கேட்டும் விடுவார். பணமும் போய், பழைய வாடிக்கையும் போகும்.

இதைத் தடுக்கக் கடை ஆப்பைத் திறந்து பார்த்தாலே போதும். அதில் 7.12 என்ற நேரமும், அனுப்பியவர் பெயரும், 12 இலக்க எண்ணும் இருக்கும். பெட்டி தொகையை மட்டுமே சொல்கிறது. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று சொல்வதில்லை. 100, 200, 500 என்று முழுத் தொகைகள் அதிகம் புழங்கும் கடையில் ஒரே தொகை அடுத்தடுத்து வருவது சகஜம். பில்லுக்குப் பில் தொகையோடு கியூ.ஆர். காட்டும் திரையுள்ள பெட்டிகள் இப்போது வருகின்றன. அவற்றில் எந்தப் பில்லுக்கு எந்தப் பணம் என்பது சேர்ந்தே வருவதால் இக்குழப்பம் குறைவு.

மௌனமே சரியான பதிலாகும் இடங்கள்

பெட்டி பேசாமல் இருப்பது நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. மேசையில் இரண்டு மூன்று கம்பெனிகளின் அட்டைகளை ஒட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் அநேகர். ஒரு கம்பெனி அட்டையில் வந்த பணத்தை இன்னொரு கம்பெனிப் பெட்டி சொல்லாது. வாடிக்கையாளர் நம் செல் நம்பருக்கு நேராகப் போட்டாலும் அது தனிக் கணக்குக்குப் போகும். பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. "நம்பருக்குப் போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்பவரிடம், "அட்டையிலேயே போடுங்க தம்பி" என்று சொல்லி விடுவது கணக்குக்கும் நல்லது.

மூன்றாவது சற்றுக் கவலைக்குரியது. இரவோடு இரவாக நம் அட்டைமேல் வேறொருவர் தன் அட்டையை ஒட்டி விட்டுப் போவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வாடிக்கையாளர் பணம் போடுவார், டிக் விழும், எல்லாம் உண்மை. ஆனால் பணம் வேறிடம் போகும். ஒருவர் பின் ஒருவராக நான்கைந்து பேருக்குப் பெட்டி பேசவில்லை, கடை ஆப்பிலும் வரவு இல்லை என்றால் முதல் வேலையாக அட்டையைத் தடவிப் பாருங்கள். வாடிக்கையாளர் திரையில் பணம் பெற்றவர் பெயர் என்று என்ன இருக்கிறது எனவும் பாருங்கள். இவ்விடத்தில் பெட்டியின் மௌனம் நமக்குக் காவல்காரன்.

போலித் திரை காட்டும் ஆப்கள் விஷயத்திலும் அப்படியே. போலி ஆப் வாடிக்கையாளர் போனில் பச்சை டிக்கை வரைந்து காட்டலாம். அது கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு எதையும் அனுப்ப முடியாது. ஆகவே பெட்டி பேசாது. பெட்டியின் குரலைப் பதிவு செய்து போனிலேயே ஒலிக்க விடுவோரும் கிளம்பலாம் என்பதால், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது வைத்திருப்பது நல்லது.

கடையில் நின்றபடி கண்டுபிடிப்பது எப்படி?

பெட்டி பேசவில்லை என்றதும் நாம் சொல்லும் வரிசை இது. வாடிக்கையாளர் திரையில் Pending என்று இருந்தால் தாமதம் முதல் பயணத்தில், அதாவது பாங்குகளின் பக்கம். பெட்டியைத் தட்டிப் பயனில்லை, காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை போடச் சொல்லாதீர்கள். முதல் பணமும் வந்து சேர்ந்து விட்டால் திருப்பித் தரும் வேலை நம் தலையில் விழும்.

திரையில் வெற்றி என்று இருந்து, கடை ஆப்பிலும் அதே 12 இலக்க எண்ணோடு வரவு இருந்தால், பணம் வந்தாயிற்று. பெட்டிக்குத்தான் லைன் இல்லை. வாடிக்கையாளரை அனுப்பி விட்டுப் பெட்டியை அணைத்துப் போடலாம். அந்த எண் ஆப்பில் UTR என்ற பெயரில் இருக்கும். கடைசி நான்கு இலக்கத்தை ஒத்துப் பார்த்தால் போதும்.

திரையில் வெற்றி, கடை ஆப்பில் ஒன்றும் இல்லை என்றால் பெற்றவர் பெயரைப் பார்க்க வேண்டும். வேறு பெயர் என்றால் அட்டை விவகாரம். நம் பெயரே இருந்து, ஓரிரு நிமிடத்திலும் வரவில்லை என்றால், கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தகவல் வருவதில் தாமதம். அல்லது திரையே போலி. தெரியாத ஆளாக இருந்தால் அவர் ஆப்பில் பழைய பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லலாம். படமாக எடுத்து வைத்த திரையைக் காட்டுபவர் இதற்கு இசைய மாட்டார்.

பணம் எடுக்கப்பட்டு நமக்கு வராமல் போனால் வாடிக்கையாளர் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் பாங்கு 2019 செப்டம்பரில் இட்ட உத்தரவின்படி, கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணத்துக்குக் கடையில் உறுதி கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை நாம் கல்லாவிலிருந்து ரொக்கமாகத் திருப்பித் தரக் கூடாது. நமக்கு வராத பணத்தை நாம் எப்படிக் கொடுப்பது? அவர் ரொக்கம் கொடுத்துப் போன பிறகு பெட்டி பேசினால், பில் எண்ணையும் அவர் செல் நம்பரையும் குறித்து வைத்து, ஆப் வழியாகவே திருப்பி விடலாம்.

இன்னொன்று. பெட்டி "பெறப்பட்டது" என்றாலும் அது கம்பெனி தன் ஏட்டில் குறித்துக் கொண்டதற்கு அடையாளம். பல கம்பெனிகள் நாள் முழுதும் வந்ததைச் சேர்த்து மறுநாள் நம் பாங்குக் கணக்குக்கு அனுப்புகின்றன. பெட்டி வாடகையையும் சில சமயம் அதிலேயே பிடித்துக் கொள்கிறார்கள். ஆகவே பாங்குப் புத்தகத்தில் விழுவது பெட்டி சொன்ன கூட்டுத்தொகையோடு அன்றைக்கன்று பொருந்தாது. கம்பெனி ஆப்பில் உள்ள செட்டில்மெண்ட் பட்டியலோடுதான் ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியை வைக்கும் இடம்

பெட்டியைத் திருடுவார்கள் என்று சிலர் இரும்பு மேசையின் உள்தட்டில் வைக்கிறார்கள். சிலர் எண்ணெய் டின்களுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே சொருகுகிறார்கள். தகரம் சிக்னலை மறைக்கும். தெருப் பக்கம், மரப்பலகை மேல், டின் அடுக்கிலிருந்து விலக்கி வைத்தால் பாதித் தாமதம் குறையும். இடம் மாற்றும்போது சிக்னல் விளக்கைப் பார்த்துக் கொள்ளுங்கள். பாட்டரி தீரும் நிலையில் சில பெட்டிகள் தாமே அணைந்து விடும். இரவு கடை சாத்தும்போது சார்ஜில் போட்டு விடுவது வழக்கமாகட்டும். காலையில் கடை திறந்ததும் வீட்டார் போனிலிருந்து அட்டைக்கு ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள். பெட்டி ஐந்து விநாடிக்குள் பேசினால் லைன் சரி, அட்டையும் நம்முடையதுதான்.